"உங்கள் ரேட் என்ன?" என்று கேட்டு வரும் மெயிலுக்கு என்ன பதில் எழுதுவது?

விளம்பரக் கட்டுரை கேட்டு முதல் தடவை ஒரு கொம்பனியிடமிருந்து மெயில் வரும்போது, இணையத்தில் சொந்தப் பக்கம் வைத்து எழுதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கடைசி வரியில் இருக்கும் "உங்கள் ரேட் என்ன?" என்ற கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு, மனதில் பட்ட ஒரு தொகையை எழுதி அனுப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். 15,000 ரூபாய் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் "சரி" என்று பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் ஏன் ஒத்துக்கொள்கிறார்கள் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

நான் எதை விற்றேன் என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கட்டுரைக்காக எங்கள் டிவிசனில் கொழுந்து எடுக்கும் ஒரு பெரியம்மாவைப் படம் பிடித்திருந்தேன். அந்தப் படம் கண்டியில் ஒரு கடை வாசலில் ஆளுயர பெனராக நின்றிருக்கிறது. அங்கே வேலை செய்யும் அவருடைய மகன்தான் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறார். மறுநாள் பெரட்டுக்குப் போகிற வழியில் பெரியம்மா என்னை நிறுத்தினார். "என்னா புள்ள, ஏம் மூஞ்சிய கடையில மாட்டிருக்காங்களாமே. காசுக்குக் குடுத்தியா?" கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பழைய மெயிலைத் தேடினேன். "புகைப்படங்களும் சேர்த்து" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். நான் அதற்கும் சேர்த்துத்தான் தொகை சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கொம்பனிக்கும் தொகையை முதலில் எழுதியதில்லை. என்ன வாங்கப்போகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அதை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விலை வைத்துத்தான் அனுப்புகிறேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் புதிதாக எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால், அண்மையில் முடித்த ஒரு வேலையை வைத்தே அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. கொழும்பில் தேயிலை பக்கெட் போட்டு விற்கிற நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த மெயிலைத் துண்டு துண்டாக்குதல்

மே மாத நடுவில் வந்த மெயிலின் சாரம் இதுதான்: "எங்களுடைய புதிய டிம்புல தேயிலையைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு கட்டுரை வேண்டும். அழகான சில படங்கள், சமூக ஊடகங்களில் பகிர்வு, எங்கள் இணையத்தளத்துக்கு ஓர் இணைப்பு. படங்களை நாங்களும் பயன்படுத்திக்கொள்வோம். ஜூன் இறுதிக்குள் வெளிவர வேண்டும். உங்கள் ரேட் என்ன?"

பார்க்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். "சில படங்கள்" என்றால் ஐந்தா, இருபதா? "பகிர்வு" என்றால் பேஸ்புக்கில் ஒரு தடவை போடுவதா, இன்ஸ்டகிராமில் ஒரு நாளில் மறைந்துவிடும் ஸ்டோரியா, காணொளியா? "பயன்படுத்திக்கொள்வோம்" என்றால் எங்கே, எத்தனை மாதம்? அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் போடுவது ஒன்று. காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவது இன்னொன்று. பக்கெட்டில் அச்சடிப்பது முற்றிலும் வேறு. மெயிலில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்தான் இருந்தது.

எழுதாமல் விட்டவற்றையும் பார்க்க வேண்டும். கட்டுரையை வெளியிடுமுன் அவர்கள் பார்ப்பார்களா, எத்தனை தடவை திருத்தச் சொல்வார்கள் என்று மெயிலில் இல்லை. வேறு தேயிலையைப் பற்றி நான் எழுதக்கூடாது என்று பிறகு சொல்வார்களா என்றும் தெரியவில்லை. காசு எப்போது வரும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கொழும்பிலிருந்து எழுதுபவர்களுக்கு அவை தெரியாமலே இருக்கலாம்.

ஒன்று, மழை. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் மேற்குச் சரிவில்தான் வந்து இறங்கும். தலவாக்கலை, ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியா எல்லாம் ஜூனில் மூடுபனியும் மழையுமாகத்தான் இருக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் காற்றும் வெயிலும் அடிக்கும். டிம்புலத் தேயிலைக்கு நல்ல வாசனை ஏறுகிற வறண்ட பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவுக்கு அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஆகவே "டிம்புல, ஜூன், வெயிலில் பச்சைப் பசேலென்ற மலை" என்று கேட்டால், அந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஒப்புக்கொண்டுவிட்டு நான்கு தடவை போய் நனைந்து திரும்பினால் அந்த பஸ் காசும் ஓட்டோக் காசும் நம் பையிலிருந்துதான் போகும்.

இரண்டு, தோட்டம். நாம் பிறந்து வளர்ந்த இடமாகவே இருந்தாலும், விளம்பரத்துக்காக மலையிலோ பெக்டரியிலோ படம் எடுக்கத் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பக்கெட் போடும் கொம்பனிகள் பல கொழும்பு ஏலத்தில் தேயிலை வாங்கிக் கலந்து விற்பவை. அவர்களுக்கென்று தோட்டம் இருக்காது. எந்தத் தோட்டத்துக் கொழுந்து அந்தப் பக்கெட்டுக்குள் போயிருக்கிறது என்று கேட்காமல், ஒரு தோட்டத்தைக் காட்டி "இங்கே விளைந்தது" என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். நம் வாசகர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். உடனே பிடித்துவிடுவார்கள்.

முதல் பதில்: தொகை இல்லாத மெயில்

அன்றைக்கே, அல்லது மறுநாள், சின்னதாக ஒரு பதில் அனுப்புங்கள். மூன்று நாள் தள்ளிப் போட்டால் அவர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். கொழும்பு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதும். அவர்கள் எந்த மொழியில் எழுதினார்களோ அதிலேயே பதில் போவது நல்லது. நான் அனுப்பியதன் தமிழ் வடிவத்தை இங்கே தருகிறேன்.

> வணக்கம் மேடம்,
>
> உங்கள் மெயிலுக்கு நன்றி. டிம்புல தேயிலையைப் பற்றி எழுத எனக்கு விருப்பம். தொகையைச் சரியாகச் சொல்வதற்கு இந்த ஐந்து விவரம் தேவைப்படுகிறது.
>
> 1. எத்தனை படங்கள்? ஆட்கள் இருக்கும் படங்கள் வேண்டுமா, இடமும் தேயிலையும் மட்டும் போதுமா?
> 2. படங்களை நீங்கள் எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள்? உங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் மட்டுமா, கட்டண விளம்பரத்திலுமா, அச்சிலுமா?
> 3. இந்த வேலை நடக்கும் காலத்தில் வேறு தேயிலை பற்றி நான் எழுதக்கூடாது என்ற நிபந்தனை உண்டா? உண்டென்றால் எத்தனை மாதம்?
> 4. இந்தத் தேயிலை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது? படம் எடுக்க அனுமதி யார் பெறுவது?
> 5. இதற்கென்று நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை ஏதும் உண்டா?
>
> பதில் கிடைத்த இரண்டு நாளில் முழு விவரத்துடன் என் தொகையை அனுப்புகிறேன்.

ஐந்தாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது பிச்சை கேட்பது மாதிரி இருக்கும் என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். இல்லை. கடையில் துணி எடுக்கப் போனால் "எவ்வளவுக்குள்ள பாக்குறீங்க" என்று கேட்பார்களே, அதே கேள்விதான். பலர் பதில் சொல்ல மாட்டார்கள், பரவாயில்லை. சொன்னால் உங்களுக்கு ஒரு வாரப் பேச்சு மிச்சம்.

எனக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. எட்டுப் படம், அதில் மூன்றிலாவது ஆட்கள் இருக்க வேண்டும். ஐந்து படங்களை அவர்களுடைய பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களில் மூன்று மாதம் போடுவார்கள். அந்த மூன்று மாதமும் நான் வேறு தேயிலையை எழுதக்கூடாது. தேயிலை ஏலத்தில் வாங்கியது, டிம்புலப் பகுதியில் பல தோட்டங்களுடையது. அனுமதியை நானே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒதுக்கிய தொகையைச் சொல்லவில்லை. முதல் மெயிலில் "சில படங்கள்" என்று இருந்த இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

தொகையைக் கணக்குப் பார்த்தல்

மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து விலை வைப்பவர்கள் உண்டு. கொழும்பில் லட்சம் பேர் பின்தொடரும் ஒருவருடைய ரேட் தலவாக்கலையில் இருக்கும் எனக்கு உதவாது. எனக்கு மாதம் ஏறத்தாழ 9,000 வாசிப்புகள்தான் வரும். அதை நான் மறைப்பதும் இல்லை. ஆகவே நான் என் நேரத்திலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வேலைக்கு நேரம் எப்படிப் போகும் என்று எழுதினேன். தோட்டத்துக்குப் போய் வரவும் படம் எடுக்கவும் ஒரு முழுப் பகல், 7 மணித்தியாலம். படங்களைத் தெரிந்தெடுத்துச் சரிசெய்ய 4. எழுத 6. அவர்கள் சொல்லும் திருத்தத்துக்கு 2. மெயில், அனுமதிக் கடிதம், பதிவேற்றம், பகிர்வு எல்லாவற்றுக்கும் 2. மொத்தம் 21 மணித்தியாலம். புதிதாக வருபவர்கள் எழுதும் 6 மணித்தியாலத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். மீதி 15 மணித்தியாலம் இலவசமாகப் போய்விடும்.

மணித்தியாலத்துக்கு எவ்வளவு? நான் சனி, ஞாயிறுகளில் டியூஷன் எடுக்கிறேன். அந்த நேரத்தை விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்குப் போக வேண்டும். வகுப்பில் கிடைப்பதைவிடக் குறைவாக வந்தால் போவதில் அர்த்தமில்லை. அதனால் 1,500 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்களுடையது வேறாக இருக்கும். கடையில் வேலை செய்பவராக இருந்தால் ஒரு நாள் லீவு போட்டால் எவ்வளவு குறையும் என்று பார்த்து, அதற்கு மேலே வையுங்கள். 21 மணித்தியாலத்துக்கு 31,500 ரூபாய். பஸ், ஓட்டோ, டேட்டா, படத்தில் நிற்பவர்களுக்குக் கொடுப்பது என்று செலவு 6,500. ஆக 38,000 ரூபாய். இது வேலைக்கான விலை. இதற்குக் கீழே போனால் என் காசைப் போட்டு அவர்களுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று பொருள்.

இதற்கு மேலே இரண்டு வரி வரும். அவை வேலை அல்ல, உரிமை. ஐந்து படங்களை மூன்று மாதம் அவர்கள் பயன்படுத்துவதற்கு 12,000 வைத்தேன். மூன்று மாதம் வேறு தேயிலையை எழுதாமல் இருப்பதற்கு 15,000. இந்த இரண்டாவது தொகையைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் இதே மாதிரி இன்னொரு தேயிலை வேலை வருமா வராதா என்பது எனக்குச் சரிபாதி வாய்ப்பு. வந்தால் கையில் நிற்கக்கூடிய 31,500இல் ஏறத்தாழப் பாதியைக் கேட்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் உணவைப் பற்றியே எழுதாத ஆளாக இருந்தால் இந்த நிபந்தனையால் உங்களுக்கு நட்டமில்லை, சும்மா கூடக் கொடுக்கலாம்.

எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய். வேலையின் விலையையும் உரிமையின் விலையையும் பிரித்து வைத்தது ஏன் முக்கியம் என்று அடுத்த கட்டத்தில் தெரியும்.

தொகை சொல்லும் மெயில்

> பொருள்: டிம்புல தேயிலைக் கட்டுரை – வேலை விவரமும் தொகையும்
>
> வணக்கம் மேடம்,
>
> விவரங்களுக்கு நன்றி. நான் செய்து தருவது:
>
> • 900 முதல் 1,100 சொற்களில் தமிழ்க் கட்டுரை ஒன்று. மேலேயே "விளம்பரக் கட்டுரை" என்று குறிப்பிடப்படும். குறைந்தது 12 மாதம் என் பக்கத்தில் இருக்கும்.
> • தோட்டத்தில் எடுத்த 8 படங்கள். மூன்றில் ஆட்கள் இருப்பார்கள்.
> • என் பேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு, இன்ஸ்டகிராமில் ஒரு பதிவு.
> • உங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பு, விளம்பர இணைப்பு என்ற குறியுடன்.
> • வெளியிடுமுன் நீங்கள் பார்த்து ஒரு தடவை திருத்தம் சொல்லலாம். விலை, பெயர், தகவல் பிழைகளைத் திருத்துவேன். என் கருத்து என்னுடையதாகவே இருக்கும்.
>
> இதற்கான தொகை, செலவு உட்பட: 38,000 ரூபாய்.
> 5 படங்களை உங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் 3 மாதம் பயன்படுத்தும் உரிமை: 12,000 ரூபாய்.
> 3 மாதம் வேறு தேயிலை பற்றி எழுதாமல் இருத்தல்: 15,000 ரூபாய்.
> மொத்தம்: 65,000 ரூபாய். வரிப் பிடித்தம் ஏதும் இருந்தால் முன்கூட்டியே அறியத் தரவும்.
>
> கட்டண விளம்பரம், அச்சு, பக்கெட் ஆகியவற்றில் படங்களைப் பயன்படுத்துவது இதில் அடங்காது. தேவைப்பட்டால் தனியாகப் பேசுவோம். ஆட்களின் முகம் தெரியும் படங்கள் என் கட்டுரைக்கு மட்டுமே. உங்களுக்குத் தரும் ஐந்தில் முகம் தெரியாது.
>
> பாதித் தொகை படம் எடுக்கப் போகுமுன், மீதி வெளிவந்து 14 நாளில். ஜூனில் இங்கே மழைக்காலம். ஜூன் 8ஆம் திகதி போகத் திட்டமிட்டிருக்கிறேன். மழையானால் வெளியீடு ஐந்து நாள் தள்ளக்கூடும்.
>
> இந்தத் தொகை மே 31 வரை செல்லும்.

இணைப்பைப் பற்றிய வரியில் பலருக்குச் சந்தேகம் வரும். காசு வாங்கிப் போடும் இணைப்பை விளம்பரம் என்று குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கென்றே 2019 செப்டம்பரில் ஒரு குறியையும் அறிமுகப்படுத்தினார்கள். இப்படி எழுத வேண்டும்:

```html
<a href="https://example.com" rel="sponsored">டிம்புல தேயிலை</a>
```

சில கொம்பனிகள், தேடல் பட்டியலில் தங்கள் தளம் மேலே வருவதற்காகவே காசு கொடுப்பார்கள். "அந்தக் குறியை எடுத்துவிடுங்கள், கூடுதலாகத் தருகிறோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் கூகுள் தண்டிப்பது உங்கள் பக்கத்தையும் சேர்த்துத்தான். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் Search Console பக்கத்தில் Manual actions என்ற இடத்தில் அது தெரியும். தேடி வரும் வாசகர்கள் அதோடு குறைந்துவிடுவார்கள்.

"ஒரு தடவை திருத்தம்" என்ற வரியை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மார்க்கெட்டிங் பிரிவில் ஒருவர், அவருக்கு மேலே ஒருவர், அதற்கும் மேலே ஒருவர் என்று ஆளுக்கொரு கருத்து வந்துகொண்டே இருக்கும். எல்லாருடைய திருத்தத்தையும் அவர்களே ஒன்றாகச் சேர்த்து ஒரே மெயிலில் அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த வரியின் பயன்.

"எங்கள் பட்ஜட் இவ்வளவுதான்"

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. "உங்கள் எழுத்து எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 45,000தான் முடியும்."

இந்த இடத்தில்தான் புதியவர்கள் இரண்டு பிழை விடுகிறார்கள். சிலர் மனம் நொந்து பதிலே போடாமல் விட்டுவிடுவார்கள். பலர் "சரி மேடம், உங்களுக்காக" என்று எழுதிவிடுவார்கள். 65,000 என்று சொன்ன பொருளை ஒரே மெயிலில் 45,000க்குக் கொடுத்தால், முதலில் சொன்னது சும்மா ஏற்றிச் சொன்ன விலை என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. அடுத்த தடவை 30,000இல்தான் தொடங்குவார்கள்.

தொகையைக் குறைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தொகை குறைந்தால் பொருளும் குறைய வேண்டும். எதைக் குறைப்பது என்பதற்குத்தான் வரி வரியாகப் பிரித்து வைத்தோம். 38,000 அப்படியே நிற்க வேண்டும், அது என் உழைப்பும் செலவும். 45,000இல் மிஞ்சுவது 7,000. அதற்குள் எந்த உரிமையைக் கொடுக்கலாம் என்று மட்டும் யோசித்தேன்.

> வணக்கம் மேடம்,
>
> உங்கள் நிலைமை புரிகிறது. 45,000 ரூபாய்க்குள் இப்படிச் செய்யலாம்:
>
> கட்டுரை, 8 படங்கள், இரண்டு பதிவுகள், இணைப்பு – முன்பு சொன்னபடியே: 38,000 ரூபாய்.
> 3 படங்களை உங்கள் பேஸ்புக் பக்கத்தில் மட்டும் 1 மாதம் பயன்படுத்தும் உரிமை: 7,000 ரூபாய்.
>
> வேறு தேயிலை பற்றி எழுதாமல் இருக்கும் நிபந்தனை இதில் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரை வெளிவந்து 14 நாளுக்கு என் பக்கத்தில் வேறு தேயிலை வராது. அது என் வழக்கம், அதற்குத் தொகை இல்லை.
>
> 3 மாத உரிமையும் நிபந்தனையும் கட்டாயம் வேண்டுமென்றால் முந்தைய தொகையே பொருந்தும். எது வசதி என்று சொல்லுங்கள்.

14 நாள் விஷயத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. அவர்களுக்கு உண்மையில் இருந்த பயம், தங்கள் கட்டுரைக்கு அடுத்த நாளே போட்டிக் கொம்பனியின் கட்டுரை வந்துவிடுமோ என்பதுதான். அதைத் தீர்க்க எனக்கு ஒன்றும் செலவாகாது. பேரம் பேசும்போது, நமக்குச் செலவில்லாமல் அவர்களுக்குப் பயன்படுவது ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

மறுநாள் மேடமே போன் எடுத்தார். நல்லவிதமாகப் பேசினார். "மூன்று படம் போதும், ஆனால் இன்ஸ்டகிராமிலும் போட வேண்டும்" என்றார். எனக்குச் சரியாகப் பட்டது, ஒத்துக்கொண்டேன். போனை வைத்த கையோடு ஒரு மெயில் அனுப்பினேன்: "இன்று பேசியபடி 3 படங்களை உங்கள் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களில் 1 மாதம் பயன்படுத்தலாம். மற்றவை என் கடைசி மெயிலில் உள்ளபடி. மொத்தம் 45,000 ரூபாய். சரி என்று ஒரு வரி பதில் அனுப்பினால் வேலையைத் தொடங்குகிறேன்." போனில் பேசியதை அன்றே எழுத்தில் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த மேடம் வேறு வேலைக்குப் போய்விடலாம். புதிதாக வருபவருக்குத் தெரிவது மெயில் மட்டும்தான். "சரி" என்ற அந்த ஒரு வரியை எழுதாமல் இழுத்தடிக்கிறார்கள், "நீங்கள் தொடங்குங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் என்றால் தொடங்காதீர்கள். என் அனுபவத்தில் காசு வராமல் போன இரண்டு வேலையும் அப்படித் தொடங்கியவைதான்.

அட்வான்ஸும் இன்வொய்ஸும்

சரி என்று பதில் வந்ததும் 22,500 ரூபாய்க்கு முதல் இன்வொய்ஸ் அனுப்பினேன். இலக்கம், திகதி, வேலையின் பெயர், தொகை, வங்கி, கிளை, கணக்கு இலக்கம் இருந்தால் போதும். பெயரில் மட்டும் கவனம். வாசகர்களுக்குத் தெரிந்தது உங்கள் பக்கத்தின் பெயராக இருக்கலாம். வங்கிக் கணக்கு அடையாள அட்டையில் உள்ள பெயரில்தான் இருக்கும். இன்வொய்ஸில் பக்கத்தின் பெயரைப் போட்டு, அதே பெயருக்கு அவர்கள் காசு அனுப்பி, திரும்பிப் போய், மறுபடி வர மூன்று வாரம் ஆன கதை எனக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

கணக்குப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களில் மார்க்கெட்டிங்கில் உள்ளவர் சரி என்று சொல்வார், காசு போடுபவர் வேறொருவராக இருப்பார். "எங்களிடம் 60 நாள் வழக்கம்" என்று சொன்னால் அட்வான்ஸை விட்டுக்கொடுக்காமல் மீதிக்கு மட்டும் நாளைக் கூட்டிக் கொடுக்கலாம். போக்குவரத்துச் செலவு அட்வான்ஸில் அடங்கிவிட்டால் கடன் வாங்க வேண்டியிருக்காது.

மலையில்

அனுமதிக் கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: எந்த நாள், எந்த மலை, எதற்கு, யார் பெயர் வரும், தோட்டத்தின் பெயர் கட்டுரையில் வராது. ஏலத்தில் வாங்கிய தேயிலை என்பதால் பெயரைப் போடுவது சரியில்லை என்று துரைக்கும் விளக்கினேன். ஒப்பமிட்ட பிரதியை போனில் படம் பிடித்து மேடத்துக்கும் அனுப்பி வைத்தேன்.

ஜூன் 8 அன்று விடியவே மழை. 10ஆம் திகதி காலையில் ஒரு மூன்று மணித்தியாலம் வெளித்தது. மெயிலில் ஐந்து நாள் என்று எழுதியிருந்ததால் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நிறுவைக்குக் கொழுந்து வரும் நேரம் படத்துக்கு நல்லது. ஆனால் கிலோவை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அப்போது போய்ப் பேசக்கூடாது. முதல் நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். யாருக்காக எடுக்கிறேன், எங்கே வரும், எவ்வளவு நாள் இருக்கும், எவ்வளவு தருகிறேன் என்று நான்கையும் சொன்னேன். கட்டுரையில் முகம் வர மூன்று பேர் சம்மதித்தார்கள், அந்தப் பெரியம்மாவும் ஒருத்தர். கொம்பனிக்குக் கொடுத்த மூன்று படத்தில் ஒன்று கூடையில் விழும் இரண்டு இலையும் மொட்டும், ஒன்று பனிக்குள் மறையும் மலை, ஒன்று நெற்றிக் கயிற்றைச் சரி செய்யும் ஒரு கை. அந்தக் கை பெரியம்மாவுடையது. போனில் படத்தைக் காட்டி, "இது மட்டும் கொழும்புக்குப் போகும், ஒரு மாசம்தான்" என்றேன். கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "கைதானே, குடு" என்றார்.

வெளிவந்த பிறகு

கட்டுரை ஜூன் 27 அன்று வெளிவந்தது. அன்றைக்கே இணைப்பு, இரண்டு பதிவுகளின் ஸ்கிரீன்ஷொட், மீதி 22,500க்கான இன்வொய்ஸ் மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்பினேன். 14 நாள் என்பது வெளிவந்த நாளிலிருந்து ஓடுவதால் இதைத் தாமதிக்கக் கூடாது. ஜூலை 11 வரை காசு வரவில்லை. 12ஆம் திகதி காலை மேடத்துக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து எழுதினேன்:

> வணக்கம், இன்வொய்ஸ் இலக்கம் 14க்கான 22,500 ரூபாய் நேற்றுக்குள் வந்திருக்க வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை. எந்தத் திகதியில் அனுப்புவீர்கள் என்று அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.

"எப்போது அனுப்புவீர்கள்" என்று கேட்பதைவிட "எந்தத் திகதியில்" என்று கேட்டால் ஒரு திகதி கிடைக்கும். கிடைத்தது, 18. அன்றே கணக்கில் விழுந்தது.

ஜூலை 27க்கு போனில் ஒரு நினைவூட்டல் போட்டு வைத்திருந்தேன். படங்களின் ஒரு மாதம் அன்றோடு முடிகிறது. காலையில் அவர்களுடைய இரண்டு பக்கங்களையும் போய்ப் பார்த்தேன், மூன்று படமும் இருந்தன. "இன்றுடன் உரிமைக் காலம் முடிகிறது. தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால் இன்னும் ஒரு மாதத்துக்கு 7,000 ரூபாய். இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன். இரண்டு படத்தை எடுத்துவிட்டார்கள். பனி மூடிய மலையை மட்டும் இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கக் கேட்டு, 2,500க்குப் பேசி முடித்தோம். கை இருந்த படம் எடுத்த இரண்டில் ஒன்று. அன்று மாலை பெரியம்மாவைப் பார்த்தபோது சொல்லிவிட்டேன்.